ஒட்டடை போகட்டும், மூலை மிஞ்சட்டும்

வாடகைக்கு விடுவதற்காகவோ விற்பதற்காகவோ வீட்டைப் படம் எடுப்பவர்களுக்கு ஓர் அனுபவம் பொது. நேரில் நின்றபோது கண்ணில் படாத ஒட்டடை, படத்தைப் பெரிதாக்கியதும் முதலில் தெரியும். அறைக்குள் நுழைகிறவர்கள் சோபாவையும் ஜன்னலையும் பார்ப்பார்கள்; அண்ணாந்து மூலையைப் பார்ப்பவர்கள் குறைவு. சின்ன ஹாலை முழுதாகக் காட்டுவதற்காக நாம் பயன்படுத்தும் வைடு ஆங்கிள் லென்ஸோ கூரையையும் தரையையும் சேர்த்தே உள்ளே இழுத்துக்கொள்ளும். படத்தின் ஓரத்தில் இருப்பதை நீட்டிக் காட்டுவதும் அதன் இயல்பு. ஃபிளாஷ் வேறு அடித்துவிட்டால், தூசி படிந்த நூல்கள் ஒளியை வாங்கி வெள்ளைக் கீறல்களாக எழுந்து நிற்கும்.

இதற்கு முதல் மருந்து ஒட்டடைக் கம்புதான். படம் எடுப்பதற்கு முன் ஹாலைச் சுற்றி ஒருமுறை மூலைகளைத் தட்டிவிட்டால் பிறகு கணினியில் செலவாகும் நேரம் மிச்சம். கம்பைச் சுவரோடு அழுத்தி இழுக்காமல், மெல்லச் சுழற்றி நூலைச் சுருட்டி எடுக்க வேண்டும். அழுத்தி இழுத்தால் சமையல் புகையும் தூசியும் ஏறிய ஒட்டடை, வெள்ளையடித்த சுவரில் சாம்பல் நிறக் கோடாக இழுபடும். படத்தில் ஒட்டடையைவிட அந்தக் கோடுதான் அசிங்கமாகத் தெரியும்.

படம் எடுத்தாகிவிட்டது, வீடு பூட்டிக் கிடக்கிறது, மீண்டும் போக வழியில்லை என்ற நிலையில்தான் திருத்தம் தேவைப்படுகிறது. இப்படி ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்: வெள்ளைக் கூரை, கிரீம் நிறச் சுவர்கள். இடது மூலையில் இரண்டு சுவர்களையும் கூரையையும் பிடித்துத் தொங்கும் ஒட்டடை. டியூப் லைட்டுக்கு ஒரு முழம் தள்ளிக் கூரையில் ஒரு பல்லி. நடுவில் இருக்கும் வட்ட விளக்கின் பால்நிற மூடிக்குள் மழைக்காலத்தில் வந்து செத்துப்போன ஈசல்கள். மூன்றையும் நீக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் செய்யும் முறையைச் சொல்கிறேன். கட்டணமில்லாத GIMP மென்பொருளிலும் இதே வகைக் கருவிகள் இருக்கின்றன.

எதையும் தொடுவதற்கு முன், மூல லேயருக்கு மேல் ஒரு காலி லேயரைத் திறந்துகொள்ளுங்கள். கருவியின் Sample பட்டியலில் Current & Below என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது திருத்தமெல்லாம் மேல் லேயரில் மட்டும் விழும். அடியில் உள்ள படம் அப்படியே இருக்கும். பிடிக்காத இடத்தை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பச் செய்யலாம்.

பல்லி எளிது. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளைக் கூரை. இதற்கு Healing Brush போதும். Alt விசையை அழுத்தியபடி பக்கத்தில் சுத்தமான ஓர் இடத்தைக் கிளிக் செய்து, பிறகு பல்லியின் மேல் தடவ வேண்டும். இந்தக் கருவி நாம் காட்டிய இடத்திலிருந்து பெயின்ட்டின் சொரசொரப்பை எடுத்துக்கொள்ளும். நிறத்தையும் வெளிச்சத்தையும் பல்லியைச் சுற்றியுள்ள இடத்தோடு பொருத்திவிடும். அதனால் பல்லி இருந்த இடம் தனியாகத் தெரியாது.

பலர் மறப்பது பல்லியின் நிழலை. டியூப் லைட் ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கத்தில் மங்கலான நிழல் நீண்டு விழும். ஃபிளாஷும் அடித்திருந்தால் இரண்டாவது நிழல் ஒன்று வேறு திசையில் இருக்கும். உடலை மட்டும் எடுத்துவிட்டால், எதற்கென்றே தெரியாத ஒரு சாம்பல் கறை கூரையில் மிஞ்சும். பளபளப்பான டைல்ஸ் தரையிலும், அணைத்து வைத்த டிவியின் கண்ணாடியிலும் பல்லியின் பிம்பம் இருக்கிறதா என்று ஒருமுறை தேடுங்கள்.

முக்காலியில் கேமராவை நிறுத்தி, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் சில படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. முதல் படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் இடையில் பல்லி நகர்ந்திருக்கும். சேர்த்த படத்தில் பாதி தெரிந்தும் தெரியாமலும் ஆவி போல இரண்டு பல்லிகள் நிற்கும். இந்தத் தொல்லையிலேயே ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. பல்லி நகர்ந்துவிட்டதால், அது முன்பு இருந்த இடத்தின் சுத்தமான கூரை இன்னொரு படத்தில் உண்மையாகவே பதிவாகியிருக்கிறது. அந்தத் துண்டை எடுத்து, வெளிச்சத்தைச் சமன்செய்து, மாஸ்க் போட்டு மேலே வைத்தால் எந்தப் பிரஷ்ஷும் தர முடியாத நேர்மையான திருத்தம் கிடைக்கும்.

கஷ்டம் மூலையில் இருக்கிறது. கூரை ஒரு தளம், சுவர்கள் இரண்டு தளம். மூன்றிலும் வெளிச்சம் வெவ்வேறு அளவில் விழுகிறது. மூன்றும் சந்திக்கும் புள்ளிக்கு மூன்று கோடுகள் வந்து சேர்கின்றன. ஒட்டடை இவை அனைத்தின் மேலும் படர்ந்திருக்கிறது. பல்லிக்குச் செய்ததுபோல் Healing Brush எடுத்து மொத்தமாகத் தடவினால், சுற்றியுள்ள நிறத்தோடு பொருத்துவது என்ற அதே நல்ல குணம் இங்கே கெடுதலாகும். சுவரின் கிரீம் நிறம் கூரைக்குள் கசியும், கூரையின் வெள்ளை சுவருக்குள் இறங்கும். கூர்மையாக இருந்த மூலை, ஈரத்துணியால் துடைத்ததுபோல் கலங்கிவிடும். திருத்தப்பட்ட வீட்டுப் படம் என்று கண்டுபிடிக்க அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது இந்த மூலையைத்தான்.

ஆகவே ஒவ்வொரு தளத்தையும் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். Polygonal Lasso கருவியால் கூரையின் பகுதியை மட்டும் தேர்வுசெய்யுங்கள். ஒட்டடையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். ஆனால் சுவரும் கூரையும் சேரும் கோட்டை மட்டும் மயிரிழை பிசகாமல் பின்பற்ற வேண்டும். இப்போது Healing Brush தேர்வின் எல்லைக்கு வெளியேயுள்ள நிறத்தை உள்ளே இழுக்காது. கூரை முடிந்ததும் இடது சுவர், பிறகு வலது சுவர்.

மாதிரி எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். அறையின் நடுவிலிருந்து மூலையை நோக்கிப் போகப் போகக் கூரை இருண்டுகொண்டே வரும். விளக்கருகே மாதிரி எடுத்தால், அங்கே ஒளி சாய்ந்து பட்டு எழுப்பிய ரோலர் சொரசொரப்பு, மங்கலான மூலைக்குப் பொருந்தாது. மூலையிலிருந்து கோட்டை ஒட்டியே ஓரிரு அடி நகர்ந்து, கிட்டத்தட்ட அதே மங்கலில் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தளங்கள் சுத்தமான பிறகு கோடுகள். இங்கே Clone Stamp வேண்டும். அது பார்ப்பதை அப்படியே நகலெடுக்கும், நிறத்தைக் கலக்காது. தேர்வை நீக்கிவிட்டு, பிரஷ்ஷின் Opacity 100 சதவீதமாகவும், Hardness பாதிக்கு மேலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டடை படாத இடத்தில் கோட்டின் மேலேயே சரியாக Alt கிளிக் செய்து, கெட்டுப்போன இடத்தில் அதே கோட்டின் மேல் வைத்து அழுத்துங்கள். அங்கிருந்து Shift விசையோடு அடுத்த கிளிக் செய்தால் பிரஷ் நேர்கோட்டில் போகும். மூன்று கோடுகளையும் இப்படி வெளியிலிருந்து புள்ளியை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பூச்சுவேலையில் எந்தக் கோடும் அளவுகோல் வைத்ததுபோல் இருக்காது. கோட்டில் சின்ன நெளிவு இருந்தால் அதை விட்டுவிடுங்கள்; மிக நேராக்கினால்தான் பொய்யாகத் தெரியும்.

விளக்குக்குள் கிடக்கும் ஈசல்கள் வெளிச்சத்துக்கு எதிரே கருப்புப் புள்ளிகளாகத் தெரியும். மூடி நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருப்பதால், மாதிரியை விளக்கின் மையத்திலிருந்து அதே தூரத்தில், வட்டத்தோடு சற்றுச் சுற்றிப்போய் எடுக்க வேண்டும். புள்ளியைவிடச் சற்றே பெரிய பிரஷ் போதும். எல்லாம் ஒன்றாகக் குவிந்து அடியில் கரும்பிறை போலத் தெரிந்தால், ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாகப் போங்கள்.

செல்போனில் செய்பவர்கள் Snapseed செயலியின் Healing கருவியைப் பயன்படுத்தலாம். இரண்டு விரலால் நன்றாகப் பெரிதாக்கி, சிறு சிறு தொடுதல்களாகச் செய்ய வேண்டும். மாதிரி எடுக்கும் இடத்தை நாம் சொல்ல முடியாது, செயலியே முடிவுசெய்யும். அதனால் பல்லிக்கும் பூச்சிக்கும் அது நன்றாக வேலை செய்யும். மூன்று கோடு சேரும் மூலையில் தடுமாறும்.

முடித்ததும் ஒரு சோதனை. எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Curves லேயர் போட்டு, கான்ட்ராஸ்டை அளவுக்கு மீறி ஏற்றுங்கள். சாதாரணமாகப் பார்க்கும்போது ஒளிந்திருந்த திட்டுகளும், ஒரே சொரசொரப்பு திரும்பத் திரும்ப வரும் இடங்களும் கூரையில் பளிச்சென்று வெளிவரும். அவற்றைச் சரிசெய்துவிட்டு அந்த லேயரை நீக்கிவிடலாம். பிறகு படத்தைச் சிறிதாக்கி, பார்ப்பவர் பார்க்கும் அளவில் ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவு திறமையும் கைக்கு வந்த பிறகுதான் நிதானம் தேவைப்படுகிறது. மூலையில் தெரியும் மெல்லிய கோடுகள் எல்லாம் ஒட்டடை ஆகிவிடாது. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒட்டடை நூல் சுவரைவிட்டு விலகித் தொய்ந்து தொங்கும், பின்னால் ஒரு நிழல் விழலாம், ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குக் காற்றிலேயே தாவும். விரிசல் சுவரோடு ஒட்டி, உடைந்து உடைந்து வளைந்து போகும். மண் நிறத்தில் சற்றுத் தடிப்பாகக் கீழிருந்து ஏறி வருவது கரையான் புற்றின் பாதையாக இருக்கலாம். விளிம்பில் மஞ்சள் படிந்த வட்டம், மேல்தளத்திலிருந்து நீர் கசிந்ததன் தடம். இவற்றை அழிக்கவும் அதே பிரஷ் போதும், அதே ஐந்து நிமிடம் போதும். ஆனால் செய்யக் கூடாது.

பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: வீட்டைக் கைமாற்றுவதற்கு முன் ஒட்டடைக் கம்போடு ஒருவர் வந்தால் இது போய்விடுமா? ஒட்டடையும் பல்லியும் ஈசலும் போய்விடும். ஆகவே படத்திலும் போகலாம். விரிசலும் கசிவும் கரையானும் கொத்தனாரையோ மருந்தடிப்பவரையோ கூப்பிட்டால்தான் தீரும். அவற்றைப் படத்தில் மறைத்தால், அட்வான்ஸ் கொடுக்க வரும் குடும்பம் ஏமாற்றப்படுகிறது. வீட்டுக்காரர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். திருத்தாத மூலப் படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். யாராவது கேட்டால் தயங்காமல் எடுத்துக் காட்டும்படி நம் திருத்தம் இருக்க வேண்டும்.