குற்றாலத்தில் ஒரு பொட்டலம் சுண்டல்: அதில் எத்தனை கிராம் புரோட்டீன்?

சாரல் சீசனில் ஐந்தருவியில் குளிச்சு முடிச்சு, ஈரத் தலையோட வெளியே வந்தா பசி ஆளைத் தின்னும். பஜ்ஜி வாசம் ஒரு பக்கம் இழுக்கும். 'டயட்ல இருக்கோமே' என்று மனசைத் திருப்பிக்கொண்டு, தேங்காய், மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல் ஒரு பொட்டலம் வாங்குவீங்க. கூடவே போனை எடுத்து கலோரி ஆப்பில் பதிவும் பண்ணுவீங்க. '100 கிராம் பட்டாணி, புரோட்டீன் 20 கிராம்' என்று அது காட்டும். ஆஹா, ராத்திரி சாப்பாட்டுக் கணக்கே முடிஞ்சதுன்னு தோணும்.

முடியலைங்க. நீங்க சாப்பிட்டதில் அநேகமாக 6, 7 கிராம்தான் இருந்திருக்கும்.

ஆப்பில் இருக்கும் எண் பொய் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்திய உணவுகளில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று 2017-ல் ஒரு பெரிய அட்டவணை வெளியிட்டது. அதிலும் காய்ந்த பட்டாணிக்கு 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம், கொண்டைக்கடலைக்குச் சுமார் 19 கிராம் என்றுதான் இருக்கும். ஆனால் அது மளிகைக்கடையில் வாங்கும் காய்ந்த பயறுக்கான கணக்கு. பொட்டலத்தில் இருப்பதோ ராத்திரி முழுக்க ஊறி, குக்கரில் வெந்த பயறு.

வேகவைத்தா புரோட்டீன் போயிடுமா என்று சிலர் கேட்பாங்க. போகாது. தண்ணீர்தான் உள்ளே வருது. 100 கிராம் காய்ந்த பட்டாணியை ஊறவைத்து, வேகவைத்து, வடித்து எடை போட்டா 220 முதல் 240 கிராம் வரை வரும். புரோட்டீன் அதே 20 கிராம்தான். அது இப்போ 225 கிராம் எடையில் பரவிக் கிடக்குது, அவ்வளவுதான். 20-ஐ 2.25-ஆல் வகுத்தா, 100 கிராம் வெந்த பட்டாணிக்குக் கிட்டத்தட்ட 9 கிராம். நல்லா குழைய வெந்ததுன்னா தண்ணீர் இன்னும் கூடும். அப்போ 8 என்று வைத்துக்கொள்ளலாம். கொண்டைக்கடலைக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

வீட்டில் சின்ன எடைமெஷின் இருந்தா ஒரு தடவை இதை நீங்களே செஞ்சு பாருங்க. உங்க வீட்டுக் குக்கருக்கு, உங்க அம்மா விடும் விசில் கணக்குக்கு எத்தனை மடங்கு ஊதுகிறது என்பது தெரிஞ்சிடும். அப்புறம் வீட்டுச் சுண்டலுக்கு எந்த ஆப்பும் தேவைப்படாது.

சரி, எடைமெஷின் இல்லாத அருவிக்கரையில் என்ன பண்றது? டம்ளர்தான் வழி. 150 மில்லி டம்ளரில் வெந்த கடலையையோ பட்டாணியையோ அமுக்காமல் நிரப்பினால் ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். இடையில் காற்று இருப்பதால்தான் 150 மில்லிக்கு 100 கிராம். கூம்புப் பொட்டலம் கண்ணை ஏமாற்றும். மேலே அகலமா, கீழே ஒண்ணுமே இல்லாம குறுகிப்போயிருக்கும். ரூமுக்குக் கொண்டுபோய் ஒரே ஒரு முறை டம்ளரில் கொட்டிப் பாருங்க. அடுத்த முறை பொட்டலத்தைப் பார்த்த உடனே அளவு பிடிபட்டுடும்.

இப்போ அந்தப் பொட்டலத்தையே கணக்குப் போடுவோம். கொட்டினால் ஒரு டம்ளர், அதாவது சுமார் 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் எல்லாமே பட்டாணி இல்லை. மாங்காய், வெங்காயம், தேங்காய்ப்பூ, கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்து கால் பங்கு பிடிக்கும். மீதி 75 கிராம் பட்டாணி. 100 கிராமுக்கு 8.5 என்று வைத்தால் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. தேங்காயில் அரை கிராம்கூட வராது. மாங்காயையும் வெங்காயத்தையும் மறந்துடலாம். ஆக, 6 முதல் 7 கிராம். கடைக்காரர் கை தாராளமா இருந்தா 8, மாங்காய்க்காரரா இருந்தா 5.

ஆப்பில் போடும்போது பெயரையும் பாருங்க. `raw` அல்லது `dry` என்று இருந்தால் அது காய்ந்த பயறு. `boiled` அல்லது `cooked` என்று இருப்பதைத்தான் எடுக்கணும்.

தென்காசிக்குத் திரும்பி, சாயங்காலம் ஒரு கிண்ணம் சாட் சாப்பிட்டால் கணக்கு கொஞ்சம் சிக்கல். கிண்ணம் பெருசு, எடை 200 கிராமுக்கு மேலகூட இருக்கும். ஆனா பெரும்பகுதி தண்ணீர். மசாலாக் குழம்பில் மிதக்கும் பட்டாணியைத்தான் பார்க்கணும், குழம்பை இல்லை. சில கடைகளில் குழம்பு கெட்டியாக உருளைக்கிழங்கை மசிச்சுச் சேர்ப்பாங்க. கிழங்கில் 100 கிராமுக்கு 2 கிராம்கூடப் புரோட்டீன் கிடையாது. அதனால் ஸ்பூனால் குழம்பை ஒதுக்கி, முழுசாக் கிடக்கும் பட்டாணி எவ்வளவுன்னு பாருங்க. கால் டம்ளர் தேறினால் 25 கிராம், அதாவது 2 கிராம் புரோட்டீன்தான். அரை டம்ளர் தேறினால் 50 கிராம், 4 கிராம் புரோட்டீன். குழம்பில் கரைஞ்சுபோன பட்டாணியும் இருக்கும் என்பதால் இதோடு ஒரு கிராம் கூட்டிக்கலாம்.

மேலே தூவும் ஓமப்பொடியைத்தான் யாரும் கணக்கில் எடுக்கிறதில்லை. அது கடலைமாவு, எண்ணெய் போக ஒரு சின்னக் கைப்பிடியில் ஒன்றரை, 2 கிராம் வரும். நொறுக்கிய பூரியில் இன்னொரு ஒன்றரை. பொரி போட்டிருந்தா கிண்ணம் ரொம்பினமாதிரி தெரியும். ஆனா பொரி அவ்வளவு லேசு, ஒரு கைப்பிடியில் ஒரு கிராம்கூட வராது. பட்டாணி அரை டம்ளர் இருக்கும் நல்ல கிண்ணத்துக்கு மொத்தமா 7, 8 கிராம். பாதி அளவு இருக்கும் பொட்டலச் சுண்டலும் இதே அளவுதான் தருது. எண்ணெயும் சேவும் போன கணக்கு தனி.

இந்த 6-க்கும் 20-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஏன் உறுத்துதுன்னா, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரோட்டீன் என்பது இந்தியப் பரிந்துரை. 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம். சுண்டலை 20 என்று எழுதிட்டு ராத்திரி வெறும் இட்லியோட நிறுத்தினா, 13, 14 கிராம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். ஹாஸ்டலில் இருந்து, முட்டை, கறி சாப்பிடாதவங்களுக்கு அது ஒருநாள் தேவையில் கால் பங்குக்கும் மேல.

ஒரு பொட்டலத்திலேயே அதிகம் வேணும்னா வேகவைத்த வேர்க்கடலை பக்கம் போகலாம். அது பட்டாணி மாதிரி தண்ணீரை இழுத்து ஊதாது. அதனால் 100 கிராமுக்கு 13 கிராம் வரை நிக்கும். கொழுப்பும் 20 கிராமுக்கு மேல கூடவே வரும். தோலோடு வாங்கினா தோலின் எடையைக் கழிச்சுட்டுத்தான் இந்தக் கணக்கு.