அதிகாலை மூன்று மணிக்கு மாட்டிய 84 போல்ட்டுகள்

1990 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்கு 81 பயணிகளோடு கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், 13 நிமிடத்தில் 17,300 அடி உயரத்தைத் தொட்டிருந்தது. பணியாளர்கள் காலை உணவு கொடுக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு வெடிச்சத்தம். தலைமை விமானி டிம் லங்காஸ்டருக்கு முன்னால் இருந்த கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு வெளியே போனது. உள்ளிருந்த காற்று பீறிட்டு வெளியேறிய வேகத்தில் அவரும் இருக்கையிலிருந்து பிடுங்கப்பட்டு, இடுப்புக்கு மேல் உடம்பு விமானத்துக்கு வெளியேயும் கால்கள் உள்ளேயுமாக மாட்டிக்கொண்டார்.

அப்போது விமானி அறைக்குள் வந்த பணியாளர் நைஜல் ஆக்டன் பாய்ந்து அவரைக் கட்டிப் பிடித்தார். கை மரத்துப்போகும் குளிரில் பிடி நழுவத் தொடங்கியதும் மற்ற பணியாளர்கள் மாற்றிப் பிடித்தார்கள். விமானி இறந்துவிட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனாலும் யாரும் விடவில்லை. சுமார் 20 நிமிடங்களுக்குப் பிறகு, துணை விமானி அலஸ்டேர் அச்சிசன் தனி ஆளாக விமானத்தை சவுத்தாம்ப்டனில் இறக்கினார். லங்காஸ்டர் பிழைத்தார். கை எலும்பு முறிவும் பனிக்கடியும் ஆறி, சில மாதங்களில் மறுபடி விமானம் ஓட்டவும் வந்துவிட்டார்.

அந்தக் கண்ணாடி பழையதல்ல. விமானம் கிளம்புவதற்கு 27 மணி நேரத்துக்கு முன்புதான் புதிதாக மாட்டியிருந்தார்கள். மாட்டியவர் கற்றுக்குட்டியும் அல்ல. அந்த இரவு ஷிஃப்டுக்கே மேலாளர், பல வருட அனுபவம் உள்ள பொறியாளர், வேலையில் அக்கறையானவர் என்று பெயர் எடுத்தவர். பராமரிப்புத் துறையில் இந்த வழக்கை இன்றும் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம் இதுதான். அக்கறையில்லாத ஆள் செய்த தவறு என்றால் அவரை நீக்கிவிட்டுப் போய்விடலாம். இவரை அப்படி ஒதுக்க முடியவில்லை.

அந்த இரவு என்ன நடந்தது?

ஷிஃப்டில் ஆள் குறைவு. விமானத்தைக் காலையில் கழுவுவதற்கு ஏற்பாடாகியிருந்தது, அதற்குள் கண்ணாடி வேலை முடிந்தாக வேண்டும். மற்றவர்கள் வேறு வேலையில் இருந்ததால், தானே செய்துவிடலாம் என்று மேலாளர் இறங்கினார். கண்ணாடி மாற்றிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கையேட்டை ஒருமுறை புரட்டினார். சிக்கலில்லாத வேலையாகத்தான் தெரிந்தது. மணி மூன்று.

பழைய கண்ணாடியைப் பிடித்திருந்தவை 90 போல்ட்டுகள். கழற்றிப் பார்த்தால் அவை ‘7டி’ என்ற ரகம். அந்த இடத்துக்குரிய சரியான ரகம் ‘8டி’. தடிமன் இரண்டுக்கும் ஒன்றே, 7டி நீளத்தில் கொஞ்சம் குட்டை. முன்பு எப்போதோ கண்ணாடி மாற்றியபோதே தவறான ரகம் போயிருந்தது, இருந்தும் அது தாங்கிக்கொண்டுதான் இருந்தது. எது கழன்று வந்ததோ அதையே திரும்பப் போடுவோம் என்று அவர் முடிவு செய்தார். எந்த ரகம் போட வேண்டும் என்று பாகங்களின் பட்டியல் புத்தகத்தைப் புரட்டவில்லை. ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர் “இந்தக் கண்ணாடிக்கு 8டிதானே போடுவார்கள்?” என்கிற மாதிரி சொல்லியும் பார்த்தார். பிடித்துக்கொண்டு வாதாடவில்லை, எதிரில் நிற்பவர் ஷிஃப்ட் மேலாளர்.

அந்த ஸ்டோர்ஸில் 7டி நாலைந்துதான் இருந்தன. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு விமான நிலையத்தின் இன்னொரு மூலையில் இருந்த, ஆளில்லாத உதிரிபாக அடுக்குக்குப் போனார். அங்கே வெளிச்சம் போதாது. இழுப்பறைகள் பலவற்றில் பெயர்ச்சீட்டே ஒழுங்காக இல்லை. படிக்கும்போது போட வேண்டிய கண்ணாடியை அவர் போட்டிருக்கவில்லை. கையில் இருந்த பழைய போல்ட்டை இழுப்பறையில் கிடந்தவற்றோடு சேர்த்துப் பிடித்து, கண்ணளவில் ஒப்பிட்டு, 84 போல்ட்டுகளை அள்ளிக்கொண்டார். அவை ‘8சி’. தடிமனில் ஏறக்குறைய 0.66 மில்லிமீட்டர் குறைவு.

ஒரு போல்ட் சன்னமாக இருந்தால் மாட்டும்போதே தெரிந்துவிடாதா என்று யாருக்கும் தோன்றும். இரண்டு ரகத்துக்கும் ஒரு அங்குலத்துக்கு 32 புரி என்ற கணக்கு ஒன்றே. அதனால் சன்னமான போல்ட்டும் நட்டுக்குள் ஓரளவு பிடித்துத் திரும்பியது. அவர் பயன்படுத்திய ஸ்க்ரூ டிரைவர், போதிய அளவு இறுகியதும் ‘கிளிக்’ என்று விட்டுக்கொடுக்கும் வகை. இங்கே புரி நழுவியபோதும் கையில் அதே மாதிரி ஒரு ‘கிளிக்’ உணர்வு வந்தது. இறுகிவிட்டது என்று கை சொன்னது, கண்ணால் சரிபார்க்க வழியில்லை. மேடையை விமானத்துக்கு நேராக நிறுத்தாமல், பக்கவாட்டிலிருந்து எக்கிச் சாய்ந்து வேலை செய்ததால் போல்ட்டின் தலையை அவர் கையே மறைத்தது. சரியான போல்ட் என்றால் தலை, குழிக்குள் நிறைந்து உட்காரும். இவை உட்கார்ந்த பிறகு தலையைச் சுற்றி ஒரு வளையம் காலியாகவே இருந்தது.

இந்த விமானத்தில் கண்ணாடி வெளிப்பக்கமிருந்து பொருத்தப்பட்டது. மேலே ஏற ஏற உள்ளிருக்கும் காற்றழுத்தம் கண்ணாடியை வெளியே தள்ளும், அதைத் தடுத்து நிறுத்துவது அந்த போல்ட்டுகள் மட்டுமே. 17,300 அடியில் அவை விட்டுக்கொடுத்தன.

இனி காரணங்களுக்கு வருவோம். முதலில் நேரம். அதிகாலை மூன்று முதல் ஐந்து வரை மனித உடலின் சூடும் விழிப்பும் அடிமட்டத்தில் இருக்கும். பல வாரங்களுக்குப் பிறகு முதல் இரவு ஷிஃப்டுக்கு வருகிறவருக்கு இது இன்னும் கடுமை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. களைப்பின் மோசமான குணம், அது தன்னையே மறைத்துக்கொள்வது. தூக்கம் கண்ணைச் செருகினால் எவரும் வேலையை நிறுத்திவிடுவார். ஆனால் முதலில் மங்குவது கண் அல்ல, “இது சரிதானா?” என்று கேட்கும் புத்தி. 8டி என்று ஸ்டோர்ஸ்காரர் சொன்னது காதில் விழுந்தும் அது ஒரு கேள்வியாக மாறாமல் போனதை இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

அடுத்தது அவசரம். “சீக்கிரம் முடி” என்று அந்த இரவில் யாரும் அவரை விரட்டியதாகத் தெரியவில்லை. விமானம் கழுவும் நேரம், ஆள் பற்றாக்குறை, காத்திருக்கும் மற்ற வேலைகள், இவையே போதுமாக இருந்தன. விரட்டும் அதிகாரியை எதிர்த்துப் பேசலாம். தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கெடுவை எதிர்க்க ஆளில்லை.

மூன்றாவது மெத்தனம். இந்தச் சொல்லைக் கேட்டதும் சோம்பேறித்தனம் என்று நினைக்கத் தோன்றும். பராமரிப்புத் துறையில் இதன் பொருள் வேறு. நூறு முறை சரியாக முடிந்த வேலை, நூற்றியோராவது முறையும் தானே சரியாக முடியும் என்கிற நம்பிக்கை அது. இதற்கு 1983 மே 5ஆம் தேதி மயாமியிலிருந்து பஹாமாஸின் நாசோவுக்குப் பறந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. மூன்று எஞ்ஜின் கொண்ட விமானம் அது. எண்ணெயில் உலோகத் துகள் வருகிறதா என்று பார்க்கும் சிறு காந்தக் கருவியை, முந்தைய இரவில் மூன்று எஞ்ஜினிலும் மாற்றினார்கள். வழக்கமாக அவர்கள் கைக்கு வரும் கருவிகளில் ரப்பர் வளையம் முன்கூட்டியே மாட்டப்பட்டிருக்கும். அன்று வேறு இடத்திலிருந்து எடுத்தவற்றில் வளையம் இல்லை. இருக்கும் என்ற பழக்கத்தில் பார்க்காமலே மாட்டினார்கள். வானத்தில் மூன்று எஞ்ஜினிலிருந்தும் எண்ணெய் ஒழுகியது. முதலில் நிறுத்திய எஞ்ஜினை மறுபடி உயிர்ப்பித்து, அந்த ஒன்றை நம்பியே விமானிகள் மயாமிக்குத் திரும்பினார்கள்.

ஒரு கை செய்த ஒரே தவறு மூன்று எஞ்ஜினுக்கும் பரவியதுதான் இதில் பெரிய பாடம். ஒன்றுக்கு இரண்டு, மூன்று என்று எஞ்ஜின் வைப்பதே ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றும் என்பதற்காக. பராமரிப்பவர் அந்தக் காவலை ஒரே இரவில் இல்லாமல் ஆக்கிவிட முடியும். இன்று நீண்ட தூரம் கடலைத் தாண்டும் இரட்டை எஞ்ஜின் விமானங்களில், ஒரே வேலையை ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு எஞ்ஜினிலும் செய்வதைக் கூடியவரை தவிர்க்கிறார்கள். தவிர்க்க முடியாவிட்டால் இன்னொருவர் சோதித்தாக வேண்டும்.

கனடாவின் போக்குவரத்துத் துறையில் இருந்த கார்டன் டூபான்ட், 1990களின் தொடக்கத்தில், பராமரிப்புத் தவறுகளுக்குப் பின்னால் திரும்பத் திரும்ப வரும் மனிதக் காரணங்களைப் பன்னிரண்டாகத் தொகுத்தார். களைப்பு, நெருக்கடி, மெத்தனம், கவனச் சிதறல், எதிர்த்துச் சொல்லத் தயங்குவது, “இங்கே இப்படித்தான் செய்வோம்” என்ற வழக்கம் எல்லாம் அதில் உண்டு. பல நாடுகளில் ஹேங்கர் சுவர்களில் இது படங்களாகத் தொங்குகிறது. சுவரில் தொங்கும் படம் அதிகாலை மூன்று மணிக்கு யாரையும் தடுத்து நிறுத்தாது. வேலை நடக்கும் முறையையே மாற்றினால்தான் தடுக்கும். அதனால் முக்கியமான வேலைகளை விடியற்காலை நேரத்தில் வராதபடி திட்டமிடுகிறார்கள். பாகத்தைக் கண்ணளவில் எடுக்காமல், புத்தகத்தில் எண்ணைப் பார்த்து, அந்த எண் அச்சிட்ட உறையோடுதான் ஸ்டோர்ஸிலிருந்து வாங்க வேண்டும். பாதியில் கூப்பிட்டு இடையில் எழுந்து போனவர், திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடராமல் மூன்று படி பின்னால் போய்த் தொடங்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தவறிவிட்டவர் தண்டனைக்குப் பயந்து மறைக்காமல் சொல்வதற்கும் வழி வைக்கிறார்கள்.

இவற்றில் வலுவானது இரண்டாவது ஆளின் சோதனை. பர்மிங்ஹாமில் அது இல்லை. விமானி அறைக் கண்ணாடி, கட்டாய இரட்டைச் சோதனைக்குரிய பாகங்களில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. மாட்டியவரே கையெழுத்தும் போட்டார். இந்தச் சோதனைக்கும் ஒரு பலவீனம் உண்டு. “அடுத்தவர் பார்ப்பார்” என்று முதலாமவரும், “முதல் ஆள் சரியாகத்தான் செய்திருப்பார்” என்று இரண்டாமவரும் நினைத்தால் இரண்டு கையெழுத்து இருக்கும், சோதனை இருக்காது. ஆகவே இரண்டாமவர் வேலையில் கை வைக்காதவராக இருக்க வேண்டும். வேலை முடிந்த பின் புத்தகத்தோடும் டார்ச்சோடும் வந்து, முதலாமவர் சொல்வதைக் கேட்காமல் தானே முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

அந்த சனிக்கிழமை விடிகாலையில் அப்படி ஒருவர் வந்து, மேடையைச் சற்று நகர்த்தி, கண்ணாடிக்கு நேராக நின்று டார்ச் அடித்திருந்தால், குழி நிறையாத 84 போல்ட் தலைகளைப் பார்த்திருப்பார்.