வீட்டுக் கடன்: பேரம் பேச வேண்டிய இடம் எது?

வங்கி சொல்லும் வீட்டுக் கடன் வட்டி பார்வைக்கு ஒரே எண். உள்ளே அது இரண்டு எண்களின் கூட்டல். முதல் எண், ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் ரெப்போ விகிதம். அதற்கு மேல் வங்கி தன் செலவு, லாபம், கடன் வாங்குபவரால் வரக்கூடிய ஆபத்து ஆகியவற்றுக்காகச் சேர்ப்பது இரண்டாவது எண். வங்கியில் இதை ‘ஸ்ப்ரெட்’ என்பார்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் வழங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் அனைத்தும் இப்படி வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவையே தேர்ந்துகொண்டன. அதற்கு முன் இருந்த அடிப்படை வட்டி முறையிலும், 2016இல் வந்த எம்சிஎல்ஆர் முறையிலும் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தாலும் அது பழைய வாடிக்கையாளரை வந்து சேரத் தாமதமானது. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே இந்த ஏற்பாடு.

ரெப்போவில் பேரத்துக்கு இடமில்லை. 2025 தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த அது, அந்த ஆண்டு டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. இறங்கினாலும் ஏறினாலும் எல்லாருக்கும் ஒன்றே. ஸ்ப்ரெட்தான் ஆளுக்கு ஆள் மாறும். கடன் வாங்கும் நாளில் எழுதப்படும் ஸ்ப்ரெட் பெரும்பாலும் கடன் முடியும்வரை கூடவே வரும். அதில் ஆபத்துக்கான பங்கை, கடன் வாங்கியவரின் கடன் மதிப்பீடு கணிசமாக மாறினாலொழிய வங்கி மாற்றக் கூடாது. மற்றப் பங்குகளை மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் கூட்டலாம். ஆகவே 20 ஆண்டுக் கடனுக்கான பேரம் பெரும்பாலும் கையெழுத்துக்கு முந்தைய சில வாரங்களில் முடிந்துவிடுகிறது.

முதல் முறை கடன் வாங்குபவர்கள் பலர் இந்தச் சில வாரங்களைப் பிராசசிங் கட்டணத்தைக் குறைப்பதில் செலவழிக்கிறார்கள். அந்தக் கட்டணம் கண்ணுக்குத் தெரிகிறது, கையிலிருந்து உடனே போகிறது. வங்கிக்கும் அதை விட்டுக்கொடுப்பது எளிது. கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும். எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றில் நிரந்தர வேலையில் இருப்பவர், திருவொற்றியூரில் பிளாட் வாங்க 30 லட்ச ரூபாயை 20 ஆண்டுக் கடனாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வங்கி 2.85 ஸ்ப்ரெட் வைத்து 8.10 சதவீத வட்டி சொல்கிறது. 0.5 சதவீதப் பிராசசிங் கட்டணத்தை முழுவதும் தள்ளுபடி செய்வதாகவும் சொல்கிறது. அதன் மதிப்பு 15,000 ரூபாய், ஜிஎஸ்டியோடு 17,700. இன்னொரு வங்கி கட்டணத்தில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. ஆனால் ஸ்ப்ரெட் 2.35, வட்டி 7.60.

முதல் வங்கியில் மாதத் தவணை சுமார் 25,280 ரூபாய், இரண்டாவதில் சுமார் 24,350. வித்தியாசம் மாதம் ஏறக்குறைய 930 ரூபாய். தள்ளுபடியில் கிடைத்த 17,700 ரூபாய் 19 மாதத்தில் கரைந்துவிடும். மீதி 221 மாதங்களும் நஷ்டம்தான். ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு வங்கிகளுக்கும் இடையில் அந்த அரை சதவீத இடைவெளி அப்படியே நிற்கும். ரெப்போ மாறாமலே இருந்தால் 20 ஆண்டில் தவணையாக மட்டும் கூடுதலாகக் கட்டுவது 2.2 லட்சத்துக்கு மேல்.

ஸ்ப்ரெட் எவ்வளவு இறங்கும் என்பதைக் கிளை மேலாளரின் நல்ல மனசு தீர்மானிப்பதில்லை. விண்ணப்பம் எந்தப் படியில் விழுகிறது என்பதே தீர்மானிக்கிறது. முதலில் பார்க்கப்படுவது 300 முதல் 900 வரை போகும் சிபில் ஸ்கோர். இதற்குமுன் கடனோ கிரெடிட் கார்டோ எடுக்காதவருக்கு ஸ்கோரே இருக்காது, அறிக்கையில் -1 என்று வரும். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் முறை வருபவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நிலை. ஆனால் நிராகரிக்காமல் வட்டியைக் கூட்டிச் சொல்ல வங்கிக்குத் தடை இல்லை. முழு அறிக்கையை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே அதை வாங்கிப் பார்த்து, எப்போதோ தவணையில் எடுத்த பைக்கின் கடன் ‘முடிக்கப்படவில்லை’ என்று நின்றால், என்ஓசியைக் கொடுத்துத் திருத்திக்கொள்வது நல்லது. அப்படி ஒரு வரி மட்டுமே விண்ணப்பத்தை ஒரு படி கீழே தள்ளிவிடும்.

அடுத்தது வேலை. வடசென்னையில் இது பெரிய விஷயம். மணலி சுத்திகரிப்பு ஆலை, காமராஜர் துறைமுகம், எண்ணூர் அசோக் லேலண்ட் போன்ற இடங்களின் நிரந்தர ஊழியரை வங்கி நம்பிக்கையோடு பார்க்கும். அதே வாசலுக்குள் கான்ட்ராக்டர் மூலம் போய் வருபவர் அதே சம்பளம் வாங்கினாலும் வேறு தட்டில் வைக்கப்படுவார். ஓவர்டைம் பணத்தையும் பல வங்கிகள் முழு வருமானமாக எடுத்துக்கொள்வதில்லை. சொந்த டிரெய்லர் ஓட்டுபவருக்கும் காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவருக்கும் வருமானம் ரொக்கமாகக் கைமாறுகிறது. வருமான வரிக் கணக்கும் வங்கிக் கணக்கில் தெரியும் வரவும்தான் அவர்களுக்குச் சான்று. இரண்டு, மூன்று ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் வங்கிக்குப் போனால் பேரம் பேச எதுவும் கையில் இருக்காது.

மூன்றாவது, வீடு. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு மூலப் பத்திரம் இருக்கும், ஆனால் மாநகராட்சி அனுமதித்த வரைபடம் கிடைக்காது. அல்லது பட்டா தாத்தா பெயரிலேயே நிற்கும். அப்போது வங்கி வட்டியைக் கூட்டுவதில்லை, கடனையே மறுத்துவிடும். வாங்குபவர் வீட்டுக் கடன் நிறுவனத்தைத் தேடிப் போவார். அந்த நிறுவனங்களுக்கு ரெப்போ இணைப்பு கட்டாயமில்லை, தாங்களே நிர்ணயிக்கும் அடிப்படை விகிதத்தை வைத்து வட்டி போடுகின்றன. ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்த செய்தி வந்தாலும் அங்கே தவணை தானாக இறங்காது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வில்லங்கச் சான்றும் பட்டாவும் வரைபடமும் ஒரு வக்கீல் கண்ணில் பட வேண்டும் என்பதற்கு இதுவும் காரணம்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் பேரத்துக்குப் பொருள் உண்டு. அதற்கான வழி, இரண்டு வங்கிகளின் எழுத்துப்பூர்வமான சலுகையைக் கையில் வைத்திருப்பது. சம்பளக் கணக்கு உள்ள வங்கி அதில் ஒன்றாக இருக்கட்டும். வாய்ச்சொல்லையோ விளம்பரத்தில் வரும் ‘இத்தனை சதவீதம் முதல்’ என்ற வரியையோ காட்டினால் வங்கி அசையாது. மற்றொரு வங்கியின் சாங்ஷன் லெட்டரைக் காட்டினால் கிளை மேலாளர் வட்டிச் சலுகைக் கோரிக்கையை மேலிடத்துக்கு அனுப்ப முடியும். பல வங்கிகளில் அதற்கு ஒப்புதல் தரும் அதிகாரம் மேலிடத்தில்தான் இருக்கிறது. அதற்காக ஐந்தாறு வங்கிகளில் விண்ணப்பம் போடக் கூடாது. ஒவ்வொரு விண்ணப்பமும் சிபில் அறிக்கையில் பதிவாகும். அடுத்தடுத்துப் பதிவானால் ஸ்கோர் இறங்கும். கடன் கிடைக்காமல் போனால் முன்பணமாகக் கட்டிய கட்டணம் திரும்ப வருமா என்பதையும் விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க உதவும் தாள் ஒன்று இப்போது சட்டப்படியே கிடைக்கிறது. 2024 அக்டோபர் முதல் ஒவ்வொரு புதிய சில்லறைக் கடனுக்கும் வங்கி ‘முக்கிய விவரத் தாள்’ தர வேண்டும். வட்டியோடு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் சதவீதம் அதில் இருக்கும். வங்கியில் ‘ஏபிஆர்’ என்று கேட்டால் காட்டுவார்கள். இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த எண்ணே சரியானது. தாளில் சொல்லப்படாத கட்டணத்தைக் கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. தாளைக் கொடுத்த பிறகு அதில் உள்ள நிபந்தனைகளை ஏற்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. ‘இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி’ என்று யாராவது அவசரப்படுத்தினால் அந்த மூன்று நாளை நினைவூட்டலாம்.

தாளில் முதலில் தேட வேண்டியது காப்பீடு. கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியை அடைக்கும் பாலிசியை ஒரே பிரீமியமாகக் கடனோடு சேர்த்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. மேலே சொன்ன 30 லட்சத்தோடு 90,000 ரூபாய் பிரீமியம் சேர்ந்தால், 7.60 சதவீத வட்டியில் தவணை சுமார் 730 ரூபாய் ஏறும். போராடிக் குறைத்த 930 ரூபாயில் முக்கால் பங்குக்கு மேல் இந்த வழியில் திரும்பிப் போய்விடும். குடும்பத்துக்குப் பாதுகாப்பு தேவைதான். ஆனால் இந்தப் பாலிசியை எடுத்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதே தொகைக்குத் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்தால் என்ன ஆகும் என்று விசாரித்த பிறகு முடிவு செய்யலாம்.

மற்றக் கட்டணங்களில் லீகல் கட்டணம், வீட்டு மதிப்பீட்டுக் கட்டணம் இரண்டையும் கேட்டுப் பார்க்கலாம். வங்கி ஏற்கெனவே அங்கீகரித்த குடியிருப்புத் திட்டமாக இருந்தால் அவை குறையவோ இல்லாமலே போகவோ வாய்ப்புண்டு. பத்திரங்களை அடமானமாக ஒப்படைக்கும் எம்ஓடி பதிவுக்கான முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போவதால் அங்கே பேச்சுக்கு இடமில்லை.

சாங்ஷன் லெட்டரில் ஸ்ப்ரெட் தனி எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘7.60 சதவீதம்’ என்று மட்டும் இருந்தால் போதாது, ‘ரெப்போ 5.25 + 2.35’ என்று பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். சலுகை சம்பளக் கணக்கை நம்பித் தரப்பட்டதா, வேலை மாறினால் அது போய்விடுமா என்பதும் அதே கடிதத்தின் நிபந்தனைகளில் இருக்கும். வட்டி, பணம் உண்மையில் விடுவிக்கப்பட்ட நாளிலிருந்துதான் ஓட வேண்டும். கடன் அனுமதித்த நாளிலிருந்தோ செக் தேதியிலிருந்தோ வட்டி போடும் பழக்கத்தை ரிசர்வ் வங்கி 2024இல் கண்டித்து, அப்படி வாங்கியதைத் திருப்பித் தரச் சொன்னது. முதல் கணக்கு அறிக்கையில் வட்டி தொடங்கிய தேதியைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இந்த வங்கி சரிப்படவில்லை என்றால் பின்னால் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது பாதி உண்மை. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. ஆனால் டேக் ஓவர் செய்யும் புதிய வங்கியில் பிராசசிங் கட்டணத்தையும் எம்ஓடி செலவையும் முதலிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். அதைவிட, சொந்த வங்கியிடமே ஸ்ப்ரெட்டைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் கொடுப்பது மலிவு. பழைய வாடிக்கையாளருக்கு மூன்று ஆண்டு முடியும் முன்பே ஸ்ப்ரெட்டைக் குறைக்க 2025 அக்டோபர் முதல் வங்கிகளுக்கு அனுமதி இருக்கிறது. குறைக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. தாளில் இல்லாத கட்டணம் வசூலிக்கப்பட்டால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.