ஜன்னல் அளவைப் பாருங்கள்

வீட்டைப் புதுப்பித்துத் தரும் கான்ட்ராக்டர்கள் இப்போது போட்டோ ஆல்பம் காட்டுவதில்லை. செல்போன் திரையை இரண்டாகப் பிரித்து, மேலே பழைய அடுக்களையும் கீழே புது அடுக்களையும் ஓடவிடுகிறார்கள். அந்த முப்பது விநாடி வீடியோவைப் பார்த்தே பலர் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அது நேர்மையாக எடுக்கப்பட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

எட்டடிக்கு ஏழடி அடுக்களை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடப்பா கல் மேடை, ஒரு டியூப்லைட், சிங்க்குக்கு மேலே கம்பி போட்ட ஜன்னல். வேலை முடிந்ததும் கிரானைட் மேடை, லேமினேட் கப்போர்டு, புது டைல்ஸ், எல்.இ.டி. விளக்கு. மாறாதவை இரண்டுதான்: கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் வாசல் நிலை, தூரத்தில் இருக்கும் ஜன்னல். ஒப்பீடு முழுவதும் இந்த இரண்டையும் நம்பியே நிற்கிறது.

உடைக்கத் தொடங்கும் முன்பே 'முன்' கிளிப்பை எடுத்துவிட வேண்டும், பிறகு அதற்கு வழியில்லை. தரையில் டேப் ஒட்டிக் குறித்தால் புது டைல்ஸ் வந்ததும் குறி போய்விடும். அதனால் வாசல் நிலையிலிருந்து டிரைபாட் எத்தனை அடி தள்ளி நிற்கிறது, போன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதி வைத்துக்கொள்வதே நல்லது. தரை உயர்ந்திருந்தால் உயரத்தையும் நிலையில் போட்ட குறியிலிருந்தே அளக்க வேண்டும். இரண்டு முறையும் லென்ஸ் 1x. போனைப் படுக்கையாகப் பிடிக்க வேண்டும்.

படுக்கையாகப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. செல்போனில் ஓடும் நெட்டை வீடியோவின் அளவு 1080×1920. அதை இடம் வலமாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதிக்கும் 540 பிக்சல் அகலமே கிடைக்கும். படுக்கையாக எடுத்த காட்சியில் ஆறில் ஒரு பங்கு அகலம்கூட அதில் தெரியாது. அடுக்களை ஒரு கீற்றாகிவிடும். மேல் கீழாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 1080×960, அகலத்தில் பாதிக்கு மேல் தெரியும். அறையைக் காட்ட அதுதான் சரி. நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு போதும்.

எடிட்டிங்கில் முதலில் 'பின்' கிளிப்பை 'முன்' கிளிப்பின் மேல் லேயராகப் போட்டு, Opacity அளவை 50 ஆக்குங்கள். இரண்டு ஜன்னல்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். கம்பிகள் பொருந்தும்வரை மேல் கிளிப்பை நகர்த்தி, பெரிதாக்கி, சரிசெய்யுங்கள். அதன் பிறகே Opacity-யை 100-க்குக் கொண்டுபோய்த் திரையைப் பிரியுங்கள். கேமராவைத் திருப்பி எடுத்திருந்தால் வேகமும் ஒத்துப்போக வேண்டும். வாசலிலிருந்து ஜன்னலுக்கு வர 'முன்' கிளிப்புக்கு 8 விநாடி, 'பின்' கிளிப்புக்கு 6 விநாடி என்றால், மெதுவானதை 1.33 மடங்கு வேகப்படுத்தலாம். வேகமானதை இழுத்து மெதுவாக்கினால் படம் திக்கித் திக்கி ஓடும்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். 'பின்' கிளிப்பை 0.5x அகல லென்ஸில் எடுத்தால் அறை பெரிதாகத் தெரியும். ஆனால் ஜன்னல் சுமார் பாதியாகச் சுருங்கியிருக்கும், ஓரத்தில் நிற்கும் கப்போர்டு பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். கேமரா அதே இடத்தில் நின்றிருந்தால் ஜூம் செய்து இதைச் சரிசெய்யலாம், தெளிவு மட்டும் குறையும். கேமராவே பின்னால் போயிருந்தால் எந்த எடிட்டிங்கும் உதவாது. ஜன்னல் பொருந்தினால் வாசல் நிலை பொருந்தாது, நிலை பொருந்தினால் ஜன்னல் பொருந்தாது.

வெளிச்சத்தில் நடக்கும் மோசடி இன்னும் நுட்பமானது. ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். 'முன்' கிளிப்பில் எதிர்வீட்டுச் சுவர் தெளிவாகத் தெரிந்து, உள்ளே மட்டும் இருட்டாக இருந்தால் எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்திருக்கிறார்கள். 'பின்' கிளிப்பில் அதே ஜன்னல் வெள்ளையாக வெளுத்திருந்தால் கூட்டி எடுத்திருக்கிறார்கள். அந்தப் பளபளப்பில் பாதி கேமரா கொடுத்தது. இதைத் தவிர்க்க, இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், எல்லா விளக்கையும் போட்டு, மாறப்போகாத ஒரே இடத்தை, உதாரணமாக வாசல் நிலையை, திரையில் விரலால் அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்ட வேண்டும். ஐபோனில் AE/AF LOCK என்று வரும்.

விளம்பரம் என்றால் கொஞ்சம் மெருகு இருக்கத்தான் செய்யும் என்கிறார்கள் தொழிலில் இருப்பவர்கள். மெருகுக்காகக் கப்போர்டைத் துடைக்கட்டும், ஒரு பூந்தொட்டியும் வைக்கட்டும். அறையின் அளவிலும் வெளிச்சத்திலும் கைவைக்கக் கூடாது. ஏழடி அகலம் பத்தடியாகத் தெரிந்த வீடியோவை நம்பி, இரண்டு பக்கமும் மேடை கேட்பவர் வீட்டில் நடுவில் தாராளமாக நடமாட இடம் இருக்காது.

அப்படி ஒரு வீடியோவை உங்களிடம் காட்டினால், மேல் கீழ் இரண்டையும் நிறுத்தி ஜன்னலை விரலால் அளந்து பாருங்கள். அளவு ஒத்துவரவில்லை என்றால் வெட்டாத இரண்டு கிளிப்களையும், அறையின் நீள அகலத்தையும் கேட்டு வாங்கிவிட்டுப் பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.