நூறைத் தாண்டிய தக்கவைப்பு எதை மறைக்கிறது?

மாதச் சந்தாவுக்கு மென்பொருள் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் அது. மாதத்தின் முதல் நாளில் 200 வாடிக்கையாளர்கள்: 180 சிறு கடைகள் தலா 500 ரூபாய் கட்டுகின்றன, 20 பெரிய கடைகள் தலா 5,000 ரூபாய். ஆக, தொழிலில் எம்.ஆர்.ஆர். என்று சொல்லப்படும் மாதாந்திரச் சந்தா வருவாய் 1,90,000 ரூபாய். அந்த மாதத்தில் 12 சிறு கடைகள் சந்தாவை நிறுத்துகின்றன. ஒரு பெரிய கடை 3,000 ரூபாய் திட்டத்துக்கு இறங்குகிறது. வேறு இரண்டு பெரிய கடைகள் புதுக் கிளைகளுக்காகத் தலா 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டத் தொடங்குகின்றன. 15 புதிய சிறு கடைகளும் வந்து சேர்கின்றன.

இந்த ஒரே மாதத்துக்கு மூன்று விடைகள் உண்டு. 200 பேரில் 12 பேர் போனதால் வாடிக்கையாளர் சர்ன், அதாவது விலகல் விகிதம், 6 சதவீதம். வருவாயில் இழப்பு 6,000 ரூபாயும் 2,000 ரூபாயும். மிஞ்சிய 1,82,000 ரூபாயை 1,90,000 ரூபாயால் வகுத்தால் கிராஸ் தக்கவைப்பு சுமார் 95.8 சதவீதம். பழைய வாடிக்கையாளர்கள் கூடுதலாகத் தந்த 10,000 ரூபாயையும் கூட்டி வகுத்தால் நெட் தக்கவைப்பு 101 சதவீதம். புதிதாக வந்த 15 கடைகளுக்கு இந்தக் கணக்குகள் எதிலும் இடமில்லை. மாதத் தொடக்கத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் கேள்வி. புதியவர்களை இதில் சேர்ப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. விற்பனை சூடு பிடிக்கும் மாதங்களிலெல்லாம் விலகல் குறைந்துவிட்டதுபோல் அது காட்டும்.

சிறு நிறுவனம் முதலில் பார்க்க வேண்டியது கிராஸ் தக்கவைப்பைத்தான் என்பது என் கருத்து. சென்னையில் தொடங்கி நாஸ்டாக் வரை போன ஃப்ரெஷ்வொர்க்ஸ் போன்ற நிறுவனங்கள் முதலீட்டாளர்களுக்கு நெட் கணக்கைத்தானே சொல்கின்றன என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் உள்ள இடத்தில் கூடுதல் வருவாய் பல கைகளிலிருந்து வருகிறது; ஒருவர் நிறுத்தினாலும் கணக்கு ஆடாது. நம் நிறுவனத்தில் நூறைத் தாண்ட வைத்தவை இரண்டே கடைகள். அவை இப்போது மாதம் 20,000 ரூபாய் கட்டுகின்றன. பழைய வாடிக்கையாளர்கள் தரும் 1,92,000 ரூபாயில் இது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். அவை அடுத்த மாதமும் இதே அளவு கூட்டப்போவதில்லை. சிறு கடைகள் விலகுவதோ ஒவ்வொரு மாதமும் நடப்பது. மாதம் 6 சதவீதம் என்று தொடர்ந்தால் ஆண்டு முடிவில் 200 பேரில் சுமார் 95 பேர்தான் மிஞ்சுவார்கள். ஆறைப் பன்னிரண்டால் பெருக்கி 72 சதவீதம் போய்விடும் என்பது தப்புக்கணக்கு. ஒவ்வொரு மாதமும் மிஞ்சியவர்களில்தான் 6 சதவீதம் போகிறது. ஆண்டுக்கு இழப்பு சுமார் 52 சதவீதம். ஆனாலும் அது பாதிக்கு மேல். அதை 101 என்ற எண்ணில் பார்க்க முடியாது.

200 பேரை வைத்துக்கொண்டு சதவீதம் பேசலாமா என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. பேசலாம், ஆனால் பதறக் கூடாது. உண்மையான விலகல் 6 சதவீதமாகவே மாறாமல் இருந்தாலும், ஒரு மாதம் 9 பேரும் இன்னொரு மாதம் 15 பேரும் போவது வெறும் தற்செயலாகவே நடக்கும். 7.5 சதவீதத்தைப் பார்த்து விலையைக் குறைப்பதும், 4.5 சதவீதத்தைப் பார்த்து மகிழ்வதும் அவசரம். மூன்று மாதங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஆட்டம் அடங்கும். அதைவிட நல்லது, ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களை ஒரு தொகுதியாக வைத்து அவர்களில் எத்தனை பேர் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் வரை தங்கினார்கள் என்று தொடர்வது. பெரும்பாலும் விலகல் முதல் சில மாதங்களில்தான் குவிந்திருக்கும். அப்படியிருந்தால் குறை, கடைக்காரருக்கு மென்பொருளைப் பழக்கிவிட்ட விதத்தில் இருக்கலாம். ஒன்றை 6 சதவீதத்தால் வகுத்து 'சராசரி வாடிக்கையாளர் 17 மாதம் இருப்பார்' என்பவர்கள் இந்தக் குவியலைத் தவறவிடுகிறார்கள்.

அந்த 12 கடைகளும் மனம் வெறுத்துப் போனவை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. கார்டு காலாவதியாகியிருக்கும், கணக்கில் பணம் இருந்திருக்காது, தானாகப் பிடித்தம் ஆவதற்கான அனுமதி ரத்தாகியிருக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். 2022 ஜூனில் உயர்த்தப்பட்ட வரம்பின்படி, பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவை. மாதம் 5,000 ரூபாய் தடையின்றிப் போகும். அதே கடை ஆண்டுச் சந்தாவாக 60,000 ரூபாய்க்கு மாறினால் புதுப்பிக்கும் நாளில் யாராவது ஓ.டி.பி. போட்டாக வேண்டும், போடாவிட்டால் ஏட்டில் விலகலாகவே பதிவாகும். இப்படிப் பணம் வராமல் நின்றவர்களைத் தனிப் பத்தியில் எழுதிவைத்தால், 12 பேரில் யாருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், யாருக்காக மென்பொருளையே திருத்த வேண்டும் என்று பிரித்துவிடலாம்.