அடங்கியும் அடங்காத அசைவு

பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அடிக்கடி கண்களை இறுக மூடித் திறக்கிறான். கண்ணில் கோளாறு எனக் கருதிய பெற்றோர் கண் மருத்துவரிடம் காட்டுகின்றனர், குறையேதும் இல்லை. சில மாதங்களில் கண் சிமிட்டல் குறைந்து, தோளைக் குலுக்கும் அசைவு தொடங்குகிறது. அடுத்த ஆண்டில் தொண்டையைச் செருமும் ஒலியும் சேர்ந்துகொள்கிறது. ஆசிரியர் கண்டித்ததும் செருமல் நின்றுவிடுகிறது. பாடவேளை முடிந்ததும் முன்னிலும் மிகுதியாக எழுகிறது. நினைத்தால் நிறுத்த முடிகிறது என்றால், அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்பதுதானே பொருள்? பலரும் இவ்வாறே முடிவு செய்கின்றனர். அம்முடிவு தவறானது.

டிக் என்பது யாது?

திடீரென, விரைவாக, சீரான தாளமின்றி மீண்டும் மீண்டும் நிகழும் அசைவையோ ஒலியையோ மருத்துவர்கள் ‘டிக்’ என்பர். கண் சிமிட்டல், முகம் சுளித்தல், தோள் குலுக்கல் ஆகியன அசைவு டிக்குகள். செருமல், மூக்குறிஞ்சல், சொற்களை ஒலித்தல் ஆகியன ஒலி டிக்குகள். 1885ஆம் ஆண்டு பாரிஸ் நகர மருத்துவர் ஜார்ஜ் ஜில் டி லா டூரெட், இத்தகைய ஒன்பது நோயாளரைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே இக்குறைபாடு இன்று வழங்குகிறது.

பதினெட்டு வயதுக்கு முன் தோன்றி, ஓராண்டுக்கு மேல் நீடித்து, குறைந்தது இரண்டு அசைவு டிக்குகளும் ஓர் ஒலி டிக்கும் காணப்பட்டால், வேறு நோயோ மருந்தோ காரணமாக இல்லாத நிலையில், அதனை டூரெட் குறைபாடு என்பர். இவையனைத்தும் ஒரே காலத்தில் இருக்க வேண்டுவதில்லை. மேற்கண்ட சிறுவனிடம் கண்ணும் தோளும் தொண்டையும் மாறிமாறி இயங்கியமை இதற்குப் பொருந்துகிறது. தகாத சொற்களைக் கூவுவதே இதன் அடையாளம் எனக் கருதுவோர் உளர். ஆனால், சிறுபான்மையினரிடம் மட்டுமே அது காணப்படுகிறது.

மூளையின் வாயிற்காவல்

பெருமூளைப் புறணிக்குக் கீழே, ஆழத்தில் சில நரம்பணுத் திரள்கள் உள்ளன. இவை அடித்தள நரம்புத் திரள்கள் எனப்படும். புறணியிலிருந்து வரும் செய்திகள் இத்திரள்களின் வழியே தாலமசை அடைந்து மீண்டும் புறணிக்கே திரும்புகின்றன. இச்சுற்றில் அடித்தளத் திரள்கள் வாயிற்காவலரைப் போன்றவை. அவை தாலமசை எப்போதும் தடுத்துவைக்கின்றன. வேண்டிய அசைவுக்கு மட்டும் தடையைச் சற்றே தளர்த்துகின்றன.

இத்திரள்களின் நுழைவுப் பகுதிக்கு ‘ஸ்ட்ரையேட்டம்’ என்று பெயர். அங்குள்ள சிறு அணுக்கூட்டம் ஒன்று வேளையல்லாத வேளையில் கிளர்ந்தெழுந்தால், அதற்குரிய தடை மட்டும் நீங்கி, வேண்டாத அசைவு வெளிப்படுகிறது என ஆய்வாளர் கருதுகின்றனர். குரங்குகளின் ஸ்ட்ரையேட்டத்தில் ஒரு சிற்றிடத்தில் மட்டும் உள்தடையை மருந்தால் நீக்கியபோது, உடலின் எதிர்ப்பக்கத்தில் டிக் போன்ற அசைவுகள் தோன்றின. டோபமைன் என்னும் வேதிப்பொருளும் இச்சுற்றில் பங்கு வகிக்கிறது; அதன் செயலைக் குறைக்கும் மருந்துகள் டிக்குகளைத் தணிக்கின்றன.

பிற அசைவுகளிலிருந்து வேறுபாடு

நடுக்கம் ஊசலைப் போலச் சீராக நிகழ்வது; டிக்கில் அச்சீர்மை இல்லை. வாதக் காய்ச்சலுக்குப் பின் சிறாரிடம் தோன்றக்கூடிய ‘கொரியா’வில், அசைவுகள் ஓருறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்கு முன்கூட்டி அறிய இயலாதவாறு பாய்கின்றன, டிக்கோ ஒரே வடிவில் திரும்ப வருவது. உறக்கம் வரும் வேளையில் உடல் தூக்கிப்போடுவது போன்ற துடிப்புகள் மின்னலென வந்து மறைவன; அவற்றை அடக்கிவைக்க இயலாது.

எல்லாவற்றினும் முதன்மையான வேறுபாடு, டிக்குக்கு முன் எழும் உந்துணர்வு ஆகும். தும்மலுக்கு முன் மூக்கில் தோன்றும் உறுத்தல் போல, அவ்விடத்தில் ஓர் அழுத்தம் திரள்கிறது. அசைவு நிகழ்ந்ததும் அது தணிகிறது. மிக இளஞ்சிறார் இதனை எடுத்துரைக்க அறியார். சற்று வளர்ந்தோர் தெளிவாகக் கூறுவர். உந்துணர்வைச் சிறிது நேரம் பொறுத்துக்கொள்ள முடிவதால் டிக்கும் சிறிது நேரம் அடங்குகிறது. அதனாலேயே மருத்துவரின் முன் ஓர் அசைவும் காணப்படாமல் போவதுண்டு. வீட்டில் எடுத்த காணொலி அப்போது உதவுகிறது.

அடக்குதலும் பயிற்சியும்

இனிச் சிறுவனின் வகுப்பறைக்குத் திரும்பலாம். கண்டிப்புக்கு அஞ்சி அவன் செருமலை அடக்கியபோது, அவன் கவனம் முழுவதும் தொண்டையிலேயே இருந்தது. பாடம் செவியில் விழவில்லை. அச்சமும் பதற்றமும் டிக்கை மிகுவிப்பதால், கண்டிப்பு அவனுக்குப் பயன்படவில்லை.

பயிற்சி வேறு வகையில் உதவுகிறது. உந்துணர்வு எழும் கணத்தை அவன் முதலில் அறியப் பழகுகிறான். பின்னர், செருமுவதற்கு மாறாக, வாயை மூடி மூக்கின் வழியே மெல்ல மூச்சு விடுகிறான். உந்துணர்வு தணியும்வரை இதனைத் தொடர்கிறான். வாரக்கணக்கில் பழகும்போது டிக்குகள் பலருக்குக் குறைகின்றன. முற்றிலும் நீங்கும் என்பதற்கு உறுதியில்லை. பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு வயதளவில் உச்சமடையும் டிக்குகள், பதின்பருவத்தின் முடிவில் பெரும்பாலோருக்குத் தணிகின்றன.

அடக்க முடிகிறது என்பதனால் அவ்வசைவு அவன் விரும்பிச் செய்ததாகாது. தும்மலைச் சற்று நேரம் அடக்குவோரும் தும்மலை விரும்பி வரவழைப்பதில்லை.