லண்டனிலிருந்து வந்த சுகர் மெஷின்

பிரிட்டனில் வாங்கி, ஊரில் இருக்கும் பெற்றோருக்குக் கொடுத்தனுப்பும் சுகர் மெஷினில் 11.2 என்று வந்தால் பலர் திகைக்கிறார்கள். அங்கே ரத்தச் சர்க்கரையை mmol/L என்ற அலகில் அளக்கிறார்கள். நம் டாக்டர்கள் பார்ப்பது mg/dL. திரையில் எண்ணுக்கு அருகே இந்த எழுத்துகள் சிறியதாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் புள்ளியைத் தேடுங்கள்: mg/dL முழு எண்ணாகவே வரும்.

செட்டிங்கில் போய் மாற்றிவிடலாமே என்று தோன்றும். பெரும்பாலான மெஷின்களில் முடியாது. தவறுதலாக மாறினால் மருந்தின் அளவே பிசகிவிடும் என்பதால் அலகைத் தொழிற்சாலையிலேயே பூட்டிவிடுகிறார்கள். ஆகவே 18ஆல் பெருக்குங்கள். 11.2 என்பது ஏறத்தாழ 202. நோட்டில் இரண்டு எண்களையும் அலகோடு எழுதுவது நல்லது. வெறும் 11 என்று எழுதினால், படிப்பவர் குழம்புவார்.

பழைய அளவுகளை மெமரியில் பார்க்கலாம். பல மெஷின்களில் முதலில் வருவது கடைசியாக எடுத்த அளவு. ஆனால் அதே திரையில் 7, 14, 30 நாள் சராசரியும் வரும்; அதை ஒருநாள் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தைத்தான். அது லண்டன் குளிர்கால நேரத்திலேயே ஓடினால், இங்கே காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் எடுத்த அளவு நள்ளிரவு 00:30 என்று பதிவாகும். நேரத்தை நீங்களே திருத்தலாம். ஆனால் ஏற்கெனவே பதிவானவை பழைய நேரத்திலேயே நிற்கும்.